அமெரிக்க ஜின்செங், ஆசிய ஜின்செங், சிவப்பு ஜின்செங்: மன அழுத்தத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் எதைத் தேர்வது?

ஐம்பத்திரண்டு வயதான ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருக்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்கிறார். வேலைப் பளுவால் தூக்கம் குறைந்துவிட்டது, காலையில் எழும்போதே களைப்பு. ஜின்செங் இரண்டுக்கும் நல்லது என்று யாரோ சொல்ல, வாங்கப் போனால் மூன்று புட்டிகள் எதிரே நிற்கின்றன: அமெரிக்க ஜின்செங் வேர்த்தூள், ஆசிய ஜின்செங் சாறு, வேகவைத்த சிவப்பு ஜின்செங். மூன்றிலும், வேரின் முக்கியச் செயற்பொருளான ஜின்செனோசைடு உண்டு என்று எழுதியிருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே பொருளல்ல. அவர் எதிர்பார்க்கும் இரண்டு பயன்களும் ஒரே திசையில் செல்பவை என்றும் சொல்ல முடியாது. எந்தப் புட்டி எதற்காக என்று முடிவு செய்வதற்கு, ஜின்செனோசைடு உடலுக்குள் எந்த நேரத்தில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்ற கேள்வியே மற்ற எல்லாவற்றையும்விட உதவும் என்பது என் எண்ணம்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆசிய ஜின்செங்கின் தாவரப் பெயர் பனாக்ஸ் ஜின்செங். அமெரிக்க ஜின்செங்கின் பெயர் பனாக்ஸ் குவின்குவெஃபோலியஸ். சிவப்பு ஜின்செங் என்பது தனிச் செடியல்ல; ஆசிய ஜின்செங் வேரையே நீராவியில் சில மணி நேரம் வேகவைத்து உலர்த்தினால் கிடைப்பது. 'சைபீரிய ஜின்செங்' என்ற பெயரில் விற்கப்படும் எலூத்தரோகாக்கஸ் வேரில் ஜின்செனோசைடு கிடையாது. ஆகவே இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

ஜின்செனோசைடுகள் சபோனின் வகையைச் சேர்ந்தவை. கொழுப்பில் கரையும் தன்மையுள்ள ஒரு நடுவுடலின் மீது சர்க்கரைத் துண்டுகள் ஒட்டியிருப்பது அவற்றின் பொது அமைப்பு. நடுவுடலைப் பொறுத்து இரண்டு பெரிய குடும்பங்கள் உள்ளன. ஆர்பி1, ஆர்சி, ஆர்டி, ஆர்ஜி3 முதலியவை டயால் குடும்பம். ஆர்ஜி1, ஆர்இ, ஆர்எஃப் முதலியவை டிரையால் குடும்பம். இந்தப் பெயர்களில் 'ஆர்' என்பதற்குப் பின்வரும் எழுத்து வெறும் வரிசை எண்ணல்ல. மெல்லிய அடுக்கு குரோமட்டோகிராஃபித் தகட்டில் எந்தப் பொருள் எவ்வளவு மேலே ஏறியது என்ற வரிசைப்படி கீழிருந்து மேலாக எழுத்துகள் கொடுக்கப்பட்டன. சர்க்கரைத் துண்டுகள் அதிகமாக இருந்தால் பொருள் கீழேயே தங்கிவிடும். ஆர்பி1-இல் நான்கு சர்க்கரைகள், ஆர்டி-யில் மூன்று, ஆர்ஜி1-இல் இரண்டு, ஆர்ஹெச்2-இல் ஒன்று. எழுத்து எவ்வளவு பின்னால் போகிறதோ, சர்க்கரை அவ்வளவு குறைவு என்று ஏறத்தாழக் கொள்ளலாம். இதை நினைவில் வைத்திருந்தால் புட்டியின் மேலுறையைப் படிக்கும்போதே ஒரு செய்தி கிடைத்துவிடும். ஏனென்றால் குடலிலிருந்து இரத்தத்துக்குள் நுழைவதற்கு இந்தச் சர்க்கரைத் துண்டுகளே பெரிய தடை.

நாற்பது நிமிடமும் எட்டு மணி நேரமும்

வாய்வழியாக உட்கொண்ட ஆர்பி1 அப்படியே இரத்தத்தில் சேர்வது மிகச் சிறிதளவுதான். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதன் சர்க்கரைகளை ஒவ்வொன்றாக வெட்டியெடுக்கின்றன. நான்கு சர்க்கரை ஆர்பி1 முதலில் ஆர்டி ஆகிறது, பிறகு எஃப்2 ஆகிறது, கடைசியில் ஒரே ஒரு சர்க்கரை மட்டும் எஞ்சிய காம்பவுண்ட் கே ஆகிறது. இந்தக் காம்பவுண்ட் கேதான் இரத்தத்தில் குறிப்பிடத்தக்க அளவில் காணப்படுகிறது. அது அங்கே வந்து சேர்வதற்கு வேர் பெருங்குடல் வரை பயணம் செய்தாக வேண்டும். ஆகவே உட்கொண்டதிலிருந்து பல மணி நேரம், பெரும்பாலும் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. எவருடைய குடலில் எந்தப் பாக்டீரியா இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒருவருக்கு நிறையக் காம்பவுண்ட் கே உருவாகும். இன்னொருவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே உருவாகாது.

இப்போது இரத்தச் சர்க்கரை பற்றிய மிகவும் பேசப்பட்ட ஆய்வைப் பார்ப்போம். டொராண்டோவில் விளாடிமிர் வுக்சன் குழுவினர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்டது அது. நீரிழிவு இல்லாத 10 பேருக்கும், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 9 பேருக்கும் 3 கிராம் அமெரிக்க ஜின்செங் வேர்த்தூளோ, தோற்றத்தில் அதைப் போன்ற போலி மருந்தோ கொடுத்து, 25 கிராம் குளுக்கோஸ் குடிக்கச் செய்தார்கள். சில நாட்களில் வேர்த்தூள் குளுக்கோஸுக்கு 40 நிமிடம் முன்பே கொடுக்கப்பட்டது. சில நாட்களில் குளுக்கோஸோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இரண்டு முறைகளிலும் சர்க்கரை ஏற்றம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நீரிழிவு இல்லாதவர்களுக்கு 40 நிமிடம் முன்னதாகக் கொடுத்தபோது மட்டுமே குறைந்தது. அளவை 6 கிராம், 9 கிராம் என்று கூட்டியும் கூடுதல் பலன் இல்லை என்று அதே குழு அடுத்து காட்டியது.

இந்த 40 நிமிடத்தை மேலே சொன்ன எட்டு மணி நேரத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அப்போது ஒன்று தெளிவாகும்: சாப்பாட்டுக்கு முந்தைய அந்த விளைவு, பெருங்குடலில் உருவாகி இரத்தத்தில் சுற்றும் காம்பவுண்ட் கேயால் வந்திருக்க முடியாது. அதற்கு நேரமே இல்லை. வேர் இரைப்பையிலும் சிறுகுடலின் மேற்பகுதியிலும் இருக்கும்போதே ஏதோ செய்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவது, குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதை மெதுவாக்குவது, இன்சுலின் சுரப்பை முன்கூட்டியே தூண்டும் குடல் சமிக்ஞைகளைக் கிளப்புவது என்று பல வழிகள் முன்மொழியப்பட்டிருக்கின்றன. எதுவும் இறுதியாக நிறுவப்படவில்லை.

மாறாக, விளம்பரங்களில் அதிகம் காணப்படும் விளக்கம் வேறு. தசை உயிரணுக்களில் ஏஎம்பிகே என்னும் நொதியை ஜின்செனோசைடு தூண்டுகிறது, அதனால் குளுக்கோஸை உள்ளே இழுக்கும் கதவுகள் உயிரணுவின் மேற்பரப்புக்கு வருகின்றன என்பது அது. ஆய்வகத் தட்டுகளில் இது பலமுறை காணப்பட்டதே. ஆனால் அந்தத் தட்டுகளில் பெரும்பாலும் ஆர்பி1 போன்ற முழு மூலக்கூறு, இரத்தத்தில் ஒருபோதும் எட்டாத செறிவில், உயிரணுவின் மேல் நேராக ஊற்றப்படுகிறது. உடலுக்குள் அந்த உயிரணுவைச் சந்திப்பது காம்பவுண்ட் கே அல்லது அதுபோன்ற சர்க்கரை குறைந்த வடிவம். அதுவும் சிறிதளவில், மணிக்கணக்கில் கழித்து. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடும் எந்த விளக்கத்தையும் நான் பாதிதான் நம்புவேன்.

அந்தச் சந்தேகத்துக்கு மனிதர்களிடமே ஆதாரம் உண்டு. 2011-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வில், உடல் எடை அதிகமாகவும் குளுக்கோஸ் கட்டுப்பாடு குறைவாகவும் இருந்த 15 பேருக்கு 30 நாட்கள் ஜின்செங் வேர்ச்சாறோ, தூய ஆர்இயோ, போலி மருந்தோ கொடுத்தார்கள். வேர்ச்சாற்றின் அளவு நாளொன்றுக்கு 8 கிராம் வரை உயர்த்தப்பட்டது. இன்சுலின் சுரப்பிலும், இன்சுலினுக்கு உடல் காட்டும் உணர்திறனிலும் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. அவர்களது இரத்தத்தில் ஆர்இ, ஆர்பி1, ஆர்பி2 ஆகியவையும் கண்டறியும் அளவில் இல்லை. தட்டில் ஊற்றியது உடலில் சேரவே இல்லை என்பது இதற்கு எளிய விளக்கம்.

மன அழுத்தம்: இழுவை எந்தப் பக்கம்?

உடலின் அழுத்த எதிர்வினைக்கு இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று வேகமானது: நரம்பு வழியாக அட்ரீனல் சுரப்பியின் நடுப்பகுதி அட்ரீனலினை வெளியிடுகிறது. மற்றொன்று மெதுவானது: மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி ஏசிடிஹெச் என்னும் ஹார்மோனை அனுப்ப, அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதி கார்டிசாலைச் சுரக்கிறது. கார்டிசால் போதிய அளவு வந்ததும் அதுவே மூளைக்குத் திரும்பிச் சென்று, 'போதும்' என்று நிறுத்தச் சொல்கிறது. அட்ரீனலினும் கார்டிசாலும் கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளியேற்றுகின்றன. எனவே நம் ஐம்பத்திரண்டு வயதுக்காரருக்கு அழுத்தமும் சர்க்கரையும் தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. அழுத்தத்தைத் தணிக்கும் பொருள் சர்க்கரையையும் தணிக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பது இயல்பே.

ஆனால் 1970-களின் இறுதியில் ஜப்பானில் எலிகளிடம் செய்யப்பட்ட சோதனைகள் இந்த எதிர்பார்ப்புக்கு நேர்மாறானதைக் காட்டின. ஜின்செங் சபோனினை எலியின் வயிற்றறையில் ஊசி மூலம் செலுத்தியபோது ஏசிடிஹெச்சும், எலிகளில் கார்டிசாலின் வேலையைச் செய்யும் கார்டிகோஸ்டீரோனும் உயர்ந்தன. டெக்ஸாமெத்தசோன் கொடுத்து மூளைப்பக்கத்து ஏவலை முன்கூட்டியே அடக்கியிருந்த எலிகளில் இந்த உயர்வு வரவில்லை. ஆகவே ஜின்செங் அட்ரீனலை நேராகத் தூண்டவில்லை, ஹைப்போதலாமஸ் அல்லது பிட்யூட்டரி மட்டத்தில் செயல்படுகிறது என்று முடிவு செய்தார்கள். அதாவது ஓய்வாக இருக்கும் எலிக்கு ஜின்செங்கே ஒரு சிறிய அழுத்தமாக அமைந்தது. ஏற்கெனவே அழுத்தத்துக்கு உள்ளான விலங்குகளில் கார்டிகோஸ்டீரோன் குறைந்ததாகக் காட்டும் பிற்கால ஆய்வுகளும் உண்டு. இரண்டையும் இணைப்பதற்கு முன்வைக்கப்பட்ட கருத்து இது: ஜின்செங் இந்த அமைப்பின் உணர்திறனைக் கூட்டுகிறது, அதனால் ஹார்மோன் வேகமாக ஏறி, வேகமாக இறங்குகிறது. அழகான கருத்துதான். ஆனால் ஊசியில் செலுத்தியதையும் வாயில் போட்டதையும் ஒன்றாகக் கருதினால்தான் அது மனிதனுக்குப் பொருந்தும்.

குடும்ப வேறுபாடு இங்கும் வருகிறது. டிரையால் குடும்பத்தின் ஆர்ஜி1, கார்டிசால் பொருந்த வேண்டிய குளுக்கோகார்டிகாய்டு ஏற்பியில் தானே பொருந்தி, அதைப் பலவீனமாகத் தூண்டுகிறது என்று 1990-களில் கல்லீரல் உயிரணுக்களில் காட்டப்பட்டது. பலவீனமான சாவி ஒன்று பூட்டில் இருந்தால் வலுவான சாவி நுழைய இடமிருக்காது என்ற வகையில் அது அழுத்தத்தைத் தணிக்கலாம். அதே சாவி கார்டிசாலின் வேலையைச் சிறிதளவு தானே செய்யவும் செய்யலாம். அப்போது அது கல்லீரலைக் குளுக்கோஸ் வெளியிடத் தூண்டும் பக்கம்தான் நிற்கும். வேகமான கிளையில் படம் இன்னும் தெளிவு. மாட்டின் அட்ரீனல் உயிரணுக்களில் நரம்பு சமிக்ஞையால் வெளியாகும் அட்ரீனலின் வகைச் சுரப்பைச் சில ஜின்செனோசைடுகள் தடுத்தன. டிரையால் குடும்பத்தின் ஆர்ஜி2-வும், சிவப்பு ஜின்செங்கில் மிகுதியாகும் ஆர்ஜி3-யும் அதில் வலுவானவை.

மனிதர்களிடம் வரும்போது இந்தப் பகுதி சட்டென்று மெலிந்துவிடுகிறது. கார்டிசாலை ஒழுங்காக அளந்து, போதிய ஆட்களிடம், போதிய காலம் நடத்தி, ஒத்த முடிவு கண்ட சோதனைத் தொகுதி என்று ஒன்றைக் காட்ட முடியாது. உடல் அழுத்தத்தைத் தாங்க உதவும் பொருளைக் குறிக்கும் 'அடாப்டோஜன்' என்ற சொல் 1947-இல் சோவியத் ஆய்வாளர் லாசரேவ் உருவாக்கியது. பிரெக்மனும் டார்டிமோவும் 1960-களில் அதை ஜின்செங்கோடு சேர்த்துப் பரப்பினார்கள். அது ஒரு வகைப்படுத்தல். ஒரு மூலக்கூறு எந்த ஏற்பியில் என்ன செய்கிறது என்பதை அந்தச் சொல் விளக்குவதில்லை.

மூன்று புட்டிகளும் அருகருகே

அமெரிக்க ஜின்செங்கில் ஆர்பி1 மிகுதி, ஆர்ஜி1 குறைவு. பொதுவாகப் பத்துக்கு ஒன்று போன்ற விகிதம். ஆசிய ஜின்செங்கில் அந்த விகிதம் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கும். ஆர்எஃப் ஆசிய வேரில் உண்டு, அமெரிக்க வேரில் கிடையாது. ஆகவே இதை அதுவென்று சொல்லி விற்றால் ஆய்வகத்தில் பிடிபட்டுவிடும்.

இந்த விகிதம் முக்கியமா என்று டொராண்டோ குழுவே சோதித்தது. எட்டு வகை ஜின்செங்குகளை ஆரோக்கியமானவர்களிடம் ஒப்பிட்டபோது சில சர்க்கரை ஏற்றத்தைக் குறைத்தன, சில எதுவும் செய்யவில்லை, சில கூட்டவே செய்தன. டயால் குடும்பத்துக்கும் டிரையால் குடும்பத்துக்கும் உள்ள விகிதம் இந்த வேறுபாட்டோடு தொடர்புபட்டிருந்தது. ஆசிய ஜின்செங் தனியாகச் சோதிக்கப்பட்டபோதும் பலனின்மையோ எதிர்விளைவோதான் தென்பட்டது. இங்கிலாந்தில் ஆசிய ஜின்செங் சாற்றை இளம் வயதினருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் இதே புதிரை வேறு வடிவில் காட்டியது: வெறும் வயிற்றில் இருந்தவர்களுக்குச் சர்க்கரை சற்று இறங்கியது, குளுக்கோஸ் பானத்தோடு சேர்ந்தபோது விளைவு எதிர்ப்பக்கம் திரும்பியது. மேலே சொன்ன ஆர்ஜி1 சாவியை வைத்து இதை விளக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த இணைப்பு இன்னும் ஊகமே.

அமெரிக்க ஜின்செங்கை வாங்குவதாக முடிவு செய்தாலும் வேலை முடிந்துவிடாது. முதல் ஆய்வுகளில் வெற்றி தந்த வேர்த்தூளில் ஜின்செனோசைடு சுமார் 3.2 சதவீதம். 2003-இல் அதே குழு வேறொரு தொகுதி அமெரிக்க ஜின்செங்கை அதே முறையில் சோதித்தபோது பலன் இல்லை. அந்தத் தொகுதியில் ஜின்செனோசைடு சுமார் 1.7 சதவீதமே இருந்தது. ஒரே தாவரம், ஒரே அளவு, ஒரே ஆய்வாளர்கள். ஆனால் விளைவு காணாமல் போயிற்று. ஆகவே மொத்த ஜின்செனோசைடு சதவீதமும், முடிந்தால் ஆர்பி1, ஆர்ஜி1 தனித்தனி அளவும் எழுதப்படாத புட்டியை விலக்கிவிடுவதே சரி.

சதவீதத்தை மில்லிகிராமாக மாற்றிப் பார்ப்பது இன்னொரு மயக்கத்தையும் நீக்கும். 3.2 சதவீதமுள்ள 3 கிராம் வேர்த்தூளில் 96 மில்லிகிராம் ஜின்செனோசைடு இருக்கிறது. ஆசிய ஜின்செங்கின் நிலைப்படுத்திய சாறு பெரும்பாலும் 4 சதவீதம் என்று எழுதப்பட்டு நாளுக்கு 200 மில்லிகிராம் எடுக்கச் சொல்லப்படுகிறது. அதில் இருப்பது 8 மில்லிகிராம். சதவீதம் கூடுதல் என்பதால் அது வலுவானதாகத் தோன்றும். உண்மையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

சிவப்பு ஜின்செங்கில் வேகவைத்த வெப்பமே சர்க்கரைத் துண்டுகள் சிலவற்றை உதிர்த்துவிடுகிறது. அதனால் ஆர்ஜி3, ஆர்ஹெச்2 போன்ற பின்னெழுத்து வடிவங்கள் கூடுகின்றன. குடல் பாக்டீரியா செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதி வெளியிலேயே முடிந்திருக்கிறது என்று சொல்லலாம். கொரிய சிவப்பு ஜின்செங் வேரிழைகளை 19 நீரிழிவாளர்களுக்கு நாளுக்கு 6 கிராம் வீதம் 12 வாரங்கள் கொடுத்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில் குளுக்கோஸ் சோதனையின் எண்களும் இன்சுலின் அளவும் இறங்கின. ஆனால் மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி மாறவில்லை. அவர்கள் ஏற்கெனவே 6.5 சதவீதத்தில் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஜின்செங் சாற்றை நாளுக்கு 3 கிராம் வீதம் 8 வாரங்கள் கொடுத்த பிற்கால ஆய்வில், 24 பேரிடம் ஹெச்பிஏ1சி 0.29 சதவீதப் புள்ளி குறைந்தது.

நம் ஆளின் முடிவு

யார் தொடவே கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அமெரிக்க ஜின்செங் அந்த மருந்தின் பலனைக் குறைத்துவிடும். இது ஆரோக்கியமானவர்களிடம் கட்டுப்பாட்டுடன் நடத்திய சோதனையிலேயே காணப்பட்டது. இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் அபாயம் உண்டு. அறுவை சிகிச்சைக்கு ஏழு நாள் முன்பாவது இதை நிறுத்திவிட வேண்டும். நம் ஆள் மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பதால், மருத்துவரிடம் தெரிவித்துவிட்டு முயன்று பார்க்க இடமிருக்கிறது.

அவர் சர்க்கரைக்காக எடுப்பதானால் அமெரிக்க வேர்த்தூளே என் தேர்வு: பகுப்பாய்வு எழுதப்பட்டது, முக்கிய உணவுக்கு 40 நிமிடம் முன், 3 கிராம். அரைக் கிராம் காப்ஸ்யூலானால் அது ஆறு காப்ஸ்யூல்கள். பலனிருக்கிறதா என்று பார்ப்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். உணவுக்கு முன் சர்க்கரை 130 என்றும், வேர் இல்லாத நாளில் உச்சம் 220 என்றும் வைத்துக்கொள்வோம். ஏற்றம் 90. ஐந்தில் ஒரு பங்கு குறைவது இந்த ஏற்றத்தில்தான், 220-இல் அல்ல. ஆகவே வேர் பலித்த நாளில் உச்சம் 202. வித்தியாசம் 18. ஆனால் வீட்டு குளுக்கோமீட்டருக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 15 சதவீதம். 220-இல் அது 33. ஒரு நாள் எடுத்து ஒரு நாள் எடுக்காமல் ஒப்பிட்டால் கருவியின் தடுமாற்றத்தைத்தான் அளந்துகொண்டிருப்போம். ஒரே காலை உணவை, ஒரே அளவில், வேருடன் ஐந்து நாட்களும் வேரின்றி ஐந்து நாட்களும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டு, அரை மணிக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் வரை அளந்து, இரு தொகுதிகளின் சராசரி ஏற்றங்களை ஒப்பிட்டால்தான் ஏதாவது சொல்ல முடியும். ஹெச்பிஏ1சியை மட்டும் நம்பியிருப்பதும் உதவாது, 0.3 அளவிலான மாற்றம், தனி ஒருவருக்குச் சாதாரண ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே மறைந்துவிடும்.

அழுத்தத்துக்காக எடுப்பதானால், மூன்று புட்டிகளில் எதையும் நான் உறுதியுடன் கைகாட்ட மாட்டேன். ஆசிய ஜின்செங்கோ சிவப்பு ஜின்செங்கோ முயன்று பார்க்க அவர் விரும்பினால், சர்க்கரைச் சோதனை முடிந்த பிறகு, தனியாகத் தொடங்கட்டும். இரண்டையும் சேர்த்து எடுத்தால், டயால் மிகுந்த வேரைத் தேடி வாங்கியதன் நோக்கமே டிரையால் மிகுந்த வேரால் கெடலாம். சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் காரணம் எதுவென்று தெரியாமலும் போகும். ஜின்செங்கால் தூக்கம் கெட்டதாகச் சொல்பவர்கள் பலர் இருப்பதால் அதைக் காலையில் மட்டும் எடுப்பது நல்லது. இரண்டு வாரத்துக்குப் பின்னும் தூக்கம் முன்பைவிடக் குறைந்திருந்தால் அந்தப் புட்டியை நிறுத்திவிட்டு, காலைச் சர்க்கரை எண் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று ஒரு வாரம் பார்க்க வேண்டும்.